ஹார்ட்வேர் கடைச் சரக்கை ஏ, பி, சி என்று பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளுக்குக் கணக்கும் ஸ்டாக்கும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எந்தக் கடைக்குப் போனாலும் இந்தப் பிரிப்பைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கணக்கு காட்ட ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொண்டேன். அதன் விலையும் விற்பனையும் விளக்கத்துக்காகத்தான். உங்கள் கடையில் எண்கள் வேறாக இருக்கும்.

"கடையில நாலாயிரம் சாமான் இருக்கு. எல்லாமே முக்கியம்தானே, அப்புறம் எதுக்கு ஏ, பி, சி?"

ஏனென்றால் நாலாயிரத்தையும் ஒரே மாதிரி பார்க்க உங்களிடம் ஆள் இல்லை. ஒவ்வொரு சரக்கின் வழியாகவும் ஒரு வருடத்தில் எவ்வளவு பணம் போய் வருகிறது என்று கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே இருக்கும் கொஞ்சம் சரக்கிலேயே பெரும்பாலான பணம் அடங்கிவிடும். மொத்தத்தில் முதல் 80 சதவிகிதத்தைத் தூக்கிப் பிடிக்கும் சரக்குகள் ஏ, அதற்கடுத்து 95 வரை கொண்டுபோகும் சரக்குகள் பி, மீதி எல்லாம் சி. எண்ணிக்கையில் பார்த்தால் சி-தான் மிகப் பெரிய கூட்டம். பணத்தில் பார்த்தால் அது 5 சதவிகிதம்.

இது புதுசு இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த ஃபோர்ட் டிக்கி 1951-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். 80-20 என்று பலரும் சொல்வதன் சரக்கு அறை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 80, 95 என்ற கோடுகள் ஒன்றும் சட்டம் இல்லை. ஏ-வில் விழும் சரக்கை உங்கள் ஆட்களால் ஒழுங்காகக் கவனிக்க முடியவில்லை என்றால் கோட்டை 75-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

"அப்போ விலை கூடின சாமான்தான் ஏ, விலை குறைஞ்சதுதான் சி. சரிதானே?"

இல்லை. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். பார்க்க வேண்டியது ஒன்றின் விலையை அல்ல. வருடத்தில் விற்ற எண்ணிக்கையை வாங்கின விலையால் பெருக்கி வரும் தொகையை.

240 ரிங்கிட் டிரில் மெஷினைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிறோம். 2 ரிங்கிட் கட்டிங் டிஸ்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் கிடக்கிறது. மெஷின் வருடத்துக்கு 15 போனால் 3,600 ரிங்கிட். டிஸ்க் 2,400 போனால் 4,800 ரிங்கிட். வரிசையில் டிஸ்க் மேலே, மெஷின் கீழே. மெஷினைப் பூட்டி வைப்பது சரிதான், ஆனால் அது திருட்டுக்காக. அந்தக் காரணம் வேறு, இந்தப் பிரிப்பு வேறு.

"கணக்கை எப்படிப் போடறது? படிப்படியா சொல்லுங்க."

பில் போடும் சிஸ்டத்திலிருந்து 12 மாத விற்பனையைச் சரக்குவாரியாக எக்செல்லுக்கு எடுங்கள். A நிரலில் சரக்குக் குறியீடு, B-யில் பெயர், C-யில் விற்ற எண்ணிக்கை, D-யில் வாங்கின விலை. முதல் வரிசை தலைப்பு. முதலில் E நிரலைப் போட்டு, அதை வைத்து முழுப் பட்டியலையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். அதற்குப் பிறகுதான் F-உம் G-உம்.

```
E2: =C2*D2
F2: =SUM(E$2:E2)/SUM(E$2:E$4001)
G2: =IF(N(F1)<0.8,"A",IF(N(F1)<0.95,"B","C"))
```

4001 என்பது உங்கள் கடைசி வரிசை எண். G நிரல் ஒரு வரிசை மேலே இருக்கும் கூட்டு விகிதத்தைப் பார்க்கிறது. அதனால் 80-ஐத் தாண்டவைக்கும் சரக்கும் ஏ-விலேயே சேரும். முடிந்ததும் F, G இரண்டையும் வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால், யாராவது பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றின அடுத்த நொடியே எழுத்து எல்லாம் குழம்பிப்போகும்.

மாதிரிக் கடையில் பத்துச் சரக்கை மட்டும் எடுத்துப் போட்டால் இப்படி வரும்:

| சரக்கு | வருட விற்பனை | வாங்கின விலை (ரிங்கிட்) | வருட மதிப்பு | கூட்டு % | வகுப்பு |
|---|---|---|---|---|---|
| சிமெண்டு 50 கிலோ மூட்டை | 6,000 | 21 | 126,000 | 53.4 | ஏ |
| 2.5 மி.மீ. வயர் ரோல் | 280 | 150 | 42,000 | 71.2 | ஏ |
| வெள்ளைச் சுவர் பெயிண்ட் 7 லிட்டர் | 500 | 60 | 30,000 | 83.9 | ஏ |
| 4 இஞ்சி பிவிசி பைப் | 400 | 40 | 16,000 | 90.7 | பி |
| சிலிக்கோன் டியூப் | 900 | 7 | 6,300 | 93.3 | பி |
| 2 இஞ்சி ஆணி, கிலோ | 1,100 | 5 | 5,500 | 95.7 | பி |
| கட்டிங் டிஸ்க் 4 இஞ்சி | 2,400 | 2 | 4,800 | 97.7 | சி |
| டிரில் மெஷின் | 15 | 240 | 3,600 | 99.2 | சி |
| அரை இஞ்சி எல்போ | 2,500 | 0.60 | 1,500 | 99.9 | சி |
| பைப் வாஷர் | 3,000 | 0.10 | 300 | 100 | சி |

பத்துச் சரக்கில் மூன்று ஏ என்பது பட்டியல் சின்னது என்பதால் வந்தது. நாலாயிரம் சரக்குள்ள கடையில் ஏ பெரும்பாலும் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஐந்தில் ஒன்று என்ற அளவில் நிற்கும்.

"வாங்கின விலையைப் போடணுமா, விக்கிற விலையையா?"

வாங்கின விலை. அலமாரியில் முடங்கிக் கிடப்பது நீங்கள் சப்ளையருக்குக் கொடுத்த பணம். விற்கிற விலையைப் போட்டால், லாபம் அதிகம் வைத்த சரக்கெல்லாம் காரணமில்லாமல் மேலே ஏறும்.

வரியையும் கவனியுங்கள். 2018 செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்ப வந்ததிலிருந்து, உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ கட்டும் விற்பனை வரி சப்ளையர் விலைக்குள்ளேயே அடங்கி நம்மிடம் வருகிறது. அதை நாம் திரும்பக் கோர முடியாது. ஆகவே வரியோடு சேர்ந்த தொகைதான் உங்கள் வாங்கின விலை. 2015 முதல் 2018 வரை ஜிஎஸ்டி காலத்தில் வரியைக் கழித்துப் பதிந்த சரக்கு விலைகள் சில சிஸ்டங்களில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. நீண்ட நாளாக விலை மாறாத சரக்குகளை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வாங்கின விலை பூஜ்யமாக இருப்பவற்றையும் தேடுங்கள். அவை சத்தமில்லாமல் பட்டியலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

"எங்க கடையில கையால எழுதுற பில்லுதான். சரக்குவாரியா விற்பனைக் கணக்கே இல்ல. நாங்க என்ன செய்யறது?"

சப்ளையர் பில்லை எடுங்கள். ஒரு வருடத்தில் வாங்கினதும் விற்றதும் ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும், ஸ்டாக் ரொம்ப ஏறியோ இறங்கியோ போகாத வரைக்கும். நாலாயிரத்தையும் பதிய வேண்டியதில்லை. அதிகத் தொகை கட்டும் சப்ளையர்களிடமிருந்து ஆரம்பித்து, அவர்களுடைய பில்லில் பெரிய தொகை உள்ள வரிசைகளை மட்டும் சரக்குவாரியாகக் கூட்டுங்கள். சிமெண்டு, இரும்பு, வயர், பெயிண்ட், பைப், பலகை என்று போனாலே ஏ முழுவதும், பி-யில் பாதியும் பிடிபட்டுவிடும். இந்தப் பட்டியலில் வராதது எல்லாம் சி. இப்போதைக்கு அது போதும்.

"பட்டியல் போட்டுட்டேன். ஒரு இஞ்சி மர ஸ்க்ரூ மூணாவது இடத்துல வந்து உக்காந்திருக்கு. இது எப்படி?"

அளவு இடிக்கிறது. வாங்குவது ஒரு அளவில், விற்பது வேறு அளவில் என்றால் இப்படித்தான் வரும். 500 ஸ்க்ரூ உள்ள பெட்டியை 12 ரிங்கிட்டுக்கு வாங்கி, சிஸ்டத்தில் 12 என்று பதிந்திருப்பார்கள். கடையில் விற்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பில் போயிருக்கும். 6,000 ஸ்க்ரூ விற்றிருந்தால் எக்செல் 72,000 ரிங்கிட் என்று காட்டும். உண்மையில் போனது 12 பெட்டி, 144 ரிங்கிட்.

தலைகீழாகவும் நடக்கும். வயரை ரோலாக வாங்கி மீட்டராக வெட்டி விற்கும்போது, வெட்டி விற்றதற்குத் தனிக் குறியீடு வைத்து அதற்கு விலையே போடாமல் விட்டிருந்தால், அந்த விற்பனை முழுக்க கணக்கிலிருந்து காணாமல் போகும். முதல் 50 வரிசையை அச்சடித்துக் கடையில் பழைய ஆளிடம் காட்டுங்கள். எந்த வரியைப் பார்த்து அவர் சிரிக்கிறாரோ, அந்த வரியில் அளவு தப்பு. கடைசியில், எண்ணிக்கை மைனஸில் இருக்கும் வரிகளையும் பாருங்கள். முந்தின வருடம் விற்றதை இந்த வருடம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

"பெயிண்ட் ஏ-ன்னு நீங்க சொல்றீங்க. எங்க லிஸ்ட்டுல பெயிண்ட் எல்லாம் சி-யிலதான் கிடக்கு."

கடையில் கலர் கலக்கும் மெஷின் இருக்கிறது என்று நினைக்கிறேன். கலந்து கொடுத்த ஒவ்வொரு ஷேடும் ஒரு தனிக் குறியீடாகப் பில்லில் ஏறியிருக்கும். நூற்றுக்கணக்கான ஷேடு, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு டின். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சி-தான். ஆனால் உங்கள் ஸ்டோரில் அந்த ஷேடுகள் இல்லையே. அங்கே இருப்பது சில வகை பேஸும், மெஷினில் ஊற்றும் கலர் பேஸ்ட்டும். எந்தப் பொருளை வாங்கி அடுக்குகிறீர்களோ அந்தப் பொருளுக்குத்தான் எழுத்துப் போட வேண்டும். ஷேடு விற்பனையை எல்லாம் அதனதன் பேஸுக்குக் கூட்டிவிடுங்கள். வெளிர் நிறங்களுக்கான பேஸ் ஏ-வுக்குள் வந்து நிற்கும்.

வயரிலும் கொஞ்சம் இதே கதை. 2.5 மி.மீ. வயரைச் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று குறியீட்டில் வைத்திருப்பீர்கள். எலெக்ட்ரிக் வேலைக்காரர் மூன்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். தனித்தனியாகப் போட்டால் பச்சை மட்டும் பி-க்கு இறங்கலாம். மூன்றையும் ஒரு குடும்பமாகக் கூட்டி, வரும் எழுத்தை மூன்றுக்கும் கொடுங்கள். சப்ளையர் மாறினதால் பழைய குறியீடு, புதுக் குறியீடு என்று இரண்டாகக் கிடக்கும் சரக்கையும் இதே மாதிரி சேர்த்துவிடுங்கள்.

"எத்தனை மாசத்து விற்பனையை எடுக்கணும்? மூணு மாசம் போதாதா?"

போதாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் முன்னால் பெயிண்ட், தின்னர், ரோலர் பிரஷ் எல்லாம் பறக்கும். பினாங்கில் வருடக் கடைசிப் பக்கம் மழை பிடித்தால் கூரை ஒழுக்கை அடைக்கும் சாமானும் தண்ணீர் பம்பும் போகும். மூன்று மாதத்தை மட்டும் எடுத்தால், அந்த மூன்று மாதத்தில் எது வந்ததோ அதுதான் ஏ ஆகும். முழு 12 மாதம் எடுங்கள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. நோன்புப் பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. 2024 மார்ச் நடுவிலிருந்து 2025 மார்ச் நடு வரை எடுத்தீர்கள் என்றால், முதல் பெருநாளுக்கு முன்பு நடந்த விற்பனையின் பெரும் பங்கும் அடுத்ததில் பாதியும் ஒரே பட்டியலில் விழுந்துவிடும். பெயிண்ட் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் நிற்கும். பெருநாள் எதுவும் பக்கத்தில் இல்லாத மாதத்தில் தொடங்கி முடிப்பது நல்லது. நான் பெரும்பாலும் ஜூலையிலிருந்து ஜூன் வரை எடுக்கிறேன்.

"சரி, எழுத்துப் போட்டாச்சு. இனி வாங்குறதுல என்ன மாத்தணும்?"

ஏ-வைக் கொஞ்சமாக வைத்து அடிக்கடி வாங்குங்கள். சி-யை நிறைய வைத்து எப்போதாவது வாங்குங்கள். நம் கடைகளில் பழக்கம் இதற்கு நேர் எதிர்: லோரி வரும்போது சிமெண்டை மொத்தமாக இறக்கிவிடுவார்கள், வாஷரை மட்டும் பாக்கெட் பாக்கெட்டாகக் கணக்குப் பார்த்து வாங்குவார்கள்.

மேலே உள்ள பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சிமெண்டு வருடத்துக்கு 6,000 மூட்டை. கடை திறப்பது 300 நாள் என்றால் நாளுக்கு 20, வாரத்துக்கு 120. மூன்று வார ஸ்டாக் வைக்கும் கடை அதை ஒரு வாரத்துக்குக் குறைத்தால் 240 மூட்டை குறையும். 21 ரிங்கிட் வீதம் 5,040 ரிங்கிட் கைக்கு வருகிறது. வாஷரை ஒரு முழு வருடத்துக்கு வாங்கிப் போட்டாலும் 300 ரிங்கிட்தான். வாஷரில் நேரம் செலவழித்து மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. சிமெண்டில் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் மூட்டை சீக்கிரம் இறுகிப்போகும். ஸ்டாக் குறைவாக இருந்தால் பழைய மூட்டை அடியில் தங்காது.

எப்போது ஆர்டர் போடுவது என்பதற்கு நீண்ட சூத்திரம் தேவையில்லை. சப்ளையர் கொண்டுவர இரண்டு நாள் ஆகும் என்றால், அந்த இரண்டு நாளில் 40 மூட்டை போகும். லோரி தாமதமாகும், ஒரே நாளில் இரண்டு குத்தகைக்காரர்கள் வருவார்கள் என்று இன்னொரு 40. ஸ்டாக் 80-க்கு இறங்கினால் ஆர்டர். ஏ சரக்கு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் எண் எழுதி வையுங்கள். சி-க்கு இரண்டு பெட்டி முறையே போதும்: முன்பெட்டி காலியானதும் பின்பெட்டியை முன்னால் தள்ளி, பெயரை ஆர்டர் நோட்டில் எழுதிவிடுங்கள். ஆர்டருக்காக எண்ணவே வேண்டாம்.

"ஸ்டாக் எண்ணுறதுக்குக் கடையை மூட முடியாது. இந்தப் பிரிப்பு அதுக்கு ஏதாவது உதவுமா?"

இதற்குத்தான் ரொம்ப உதவும். ஏ-வை மாதம் ஒரு தடவை, பி-யை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சி-யை வருடத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். நாலாயிரத்தில் ஏ 400, பி 800, சி 2,800 என்று வைத்தால், வருடத்துக்கு 10,800 எண்ணிக்கை. 300 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 36 சரக்கு. காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் முடித்துவிடலாம். எல்லாவற்றையும் மாதாமாதம் எண்ணப் புறப்பட்டால் 48,000. அது யாராலும் நடக்காது, இரண்டாவது மாதமே நின்றுவிடும்.

எண்ணுவதில் ஏ-விலேயே கவனிக்க வேண்டிய இடம் திறந்த வயர் ரோல். முழு ரோல் எத்தனை என்று எளிதாக எண்ணிவிடலாம். வெட்டி விற்ற ரோலில் மீதி எத்தனை மீட்டர் என்று யாருக்கும் தெரியாது. ரோலின் மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் மீதியை அதில் எழுதச் சொல்லுங்கள். பில்லில் 10 மீட்டர், டேப்பில் 12 மீட்டர் குறைந்திருந்தால், அளப்பவர் கைநீளத்தை வைத்து அளக்கிறார் என்று அர்த்தம். மேஜை ஓரத்தில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் சரியாகும். எண்ணும்போது வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்துவதோடு விடாதீர்கள். ஏ-வில் ஏன் வந்தது என்று அன்றைக்கே தேடுங்கள். சி-யில் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

"சி-யில மொத்தமே அஞ்சு சதவிகிதம்தான். அந்த ரெண்டாயிரத்து எண்ணூறு சாமானையும் தூக்கிட்டா இடம் மிச்சம்தானே?"

தூக்கினால் ஏ-வும் சேர்ந்து போய்விடும். பைப் வேலைக்காரர் 4 இஞ்சி பைப் பத்து, அரை இஞ்சி பைப் கொஞ்சம், எல்போ, டீ, பசை, வெள்ளை டேப்பு என்று ஒரு சீட்டோடு வருகிறார். எல்போ இல்லை என்றால், எல்போவுக்காக மட்டும் இன்னொரு கடைக்குப் போக அவருக்கு நேரமில்லை. சீட்டு முழுவதையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். 60 சென் சாமான் இல்லாததால் 400 ரிங்கிட் பில் போகும். இந்த இழப்பை எக்செல் காட்டாது, ஏனென்றால் போடாத பில் கணக்கில் வராது.

அதனால் எழுத்தோடு ஒரு நட்சத்திரக் குறியும் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் மற்றதை விற்க முடியாது என்று கடை ஆட்கள் சொல்லும் சரக்குக்கெல்லாம் நட்சத்திரம். எல்போ, வாஷர், வெள்ளை டேப்பு, சுவர் ப்ளக், ஃபியூஸ் மாதிரி. சி என்றால் குறைவாகக் கவனிக்கலாம் என்றுதான் அர்த்தம், குறைவாக வைக்கலாம் என்று இல்லை. நட்சத்திரம் உள்ள சி ஒருபோதும் தீரக்கூடாது. வாங்குவதைப் பற்றின பதிலில் சொன்ன இரண்டு பெட்டி முறையில் பின்பெட்டியைப் பெரிதாக வைத்தால் அது நடந்துவிடும், செலவும் பெரிதாக ஆகாது.

"ஒரு ஜிஐ பைப் ஏ-வுல வந்திருக்கு. ஆனா அலமாரியில தூசி படிஞ்சு கிடக்கு. எப்படி?"

அது விற்ற பில்களை எண்ணிப் பாருங்கள். பிறை தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு தொழிற்சாலை, பழைய பைப் வரியை மாற்றும்போது 300 நீளம் ஒரே தடவையில் வாங்கியிருக்கும். வருட மதிப்பு பெரியது, ஆனால் வாங்கினவர் ஒருவர், வாங்கினதும் ஒரே ஒரு நாள்.

சிஸ்டத்திலிருந்து எடுக்கும்போதே எத்தனை பில்லில் போனது என்ற நிரலையும் சேர்த்து எடுங்கள். ஏ-வில் வந்தும் வருடத்துக்கு ஒன்றிரண்டு பில்தான் என்றால், அதை ஏ-விலிருந்து எடுத்து ஆர்டர் வந்தால் வாங்குவது என்று தனியாக வையுங்கள். அந்தப் பெரிய பில்லைக் கழித்துவிட்டு மீதி விற்பனைக்கு என்ன எழுத்து வருகிறதோ அதுதான் அலமாரிக்கான எழுத்து.

"ஏ எல்லாத்தையும் ஒழுங்காத்தான் பாக்கறோம். இருந்தாலும் பணம் எங்கேயோ மாட்டிக்கிட்டே இருக்கு."

விற்கிற சரக்கை மட்டும் பார்த்தால் விற்காத சரக்கு தெரியாது. வருட விற்பனை பூஜ்யம் என்றால் அது பட்டியலின் அடியில் சி ஆகிவிடும், நாமும் சி-யைக் கவனிக்க வேண்டாம் என்று விட்டிருப்போம். அதனால் இரண்டாவது பட்டியல் ஒன்று போட வேண்டும். C நிரலில் விற்ற எண்ணிக்கைக்குப் பதிலாக இன்றைக்குக் கையில் இருக்கும் எண்ணிக்கையைப் போட்டு, மற்றதெல்லாம் மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரியே. பிறகு இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விற்பனையில் சி, ஸ்டாக்கில் ஏ என்று எது வருகிறதோ அங்கேதான் பணம் தூங்குகிறது.

மாதிரிக் கடையில் டிரில் மெஷினைப் பாருங்கள். அலமாரியில் 20 இருந்தால் 4,800 ரிங்கிட். வருடத்துக்கு 15 போகிறது என்றால் அது 16 மாத ஸ்டாக். ஒரு வாரத்துச் சிமெண்டு 120 மூட்டைக்கு 2,520 ரிங்கிட்தான். கடைக்கு வருகிறவன் கண்ணுக்குச் சிமெண்டு மலை மாதிரி தெரியும், மெஷின் ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். பணம் அதிகம் இருப்பது அலமாரியில். இதுபோல வருவது பெரும்பாலும் மாடல் பழசான வாஷ் பேசின், கதவுப் பூட்டு செட், வடிவமைப்பு நின்றுபோன டைல்ஸ் ஆகியவையாக இருக்கும். புதிதாக வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். சப்ளையர் மாற்றிக் கொடுப்பாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கின விலைக்கே தள்ளிவிடுங்கள்.

"சிமெண்டுல லாபமே இல்ல. அதைப் போய் ஏ-ன்னு தலையில தூக்கி வைக்கறதா?"

கேள்வி நியாயம்தான். சிமெண்டில் மூட்டைக்கு 1 ரிங்கிட் நின்றால் வருடத்துக்கு 6,000. வாஷரை 10 சென்னுக்கு வாங்கி 50 சென்னுக்கு விற்றால் வருடத்துக்கு 1,200. மெஷினில் ஒன்றுக்கு 60 வைத்து 15 விற்றால் 900 ரிங்கிட். ஆக 300 ரிங்கிட் வாஷர் 3,600 ரிங்கிட் மெஷினைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள். எவ்வளவு வாங்குவது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை எண்ணுவது என்பதற்கு வாங்கின விலையில் போட்ட பட்டியல். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எதை வைப்பது, எதற்குத் தள்ளுபடி கொடுக்கக்கூடாது என்பதற்கு லாபத்தில் போட்ட பட்டியல். D நிரலில் வாங்கின விலைக்குப் பதில் ஒன்றுக்கு நிற்கும் லாபத்தைப் போட்டால் அது வந்துவிடும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஒரே எழுத்தாக்கப் பார்க்காதீர்கள். ஒரு கடையில் அப்படிச் செய்து, கடைசியில் எல்லாமே பி என்று வந்து நின்றது.

"வருஷத்துக்கு ஒரு தடவை போட்டா போதுமா? சில சாமான் இந்தத் தடவை ஏ, அடுத்த தடவை பி-ன்னு ஆடிக்கிட்டே இருக்கே."

வருடத்துக்கு இரண்டு தடவை போட்டால் தாராளம். மாதாமாதம் போட்டால் ஆட்டம்தான் மிஞ்சும். கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்கு 79-க்கும் 82-க்கும் நடுவில் ஆடுவது இயல்பு. இரண்டு தடவை தொடர்ந்து கீழே போனால்தான் எழுத்தை இறக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் மட்டும் உடனே ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் ஏ-வைக் கவனிக்காமல் விடும் செலவு பி-யைக் கூடுதலாகக் கவனிக்கும் செலவைவிடப் பெரியது. விலை மாறினாலும் எழுத்து மாறும். செம்பு விலை ஏறும்போது, விற்கும் ரோல் எண்ணிக்கை கூடாமலேயே மெல்லிய வயர்கூட மேலே வரும்.

12 மாதம் ஆகாத புதுச் சரக்கைப் பட்டியலில் அப்படியே விட்டால் அநியாயமாகச் சி-யில் விழும். நான்கு மாத விற்பனை இருந்தால் மூன்றால் பெருக்கிப் பாருங்கள். அந்த நான்கு மாதத்துக்குள் பெருநாள் இருந்தால் பெருக்காதீர்கள், கையால் பி என்று எழுதி அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். எழுத்து மாறின சரக்குக்கு, எழுத்துக்கு ஒரு நிறமாக அலமாரியில் ஒட்டின ஸ்டிக்கரையும் அன்றைக்கே மாற்றுங்கள். எண்ணுகிறவரும் அடுக்குகிறவரும் எக்செல்லைத் திறப்பதில்லை. அவர்களுக்குத் தெரிவது அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் புள்ளி மட்டும்தான்.